டேக் பழுதான நாள்களைத் தானியங்கி ஏலத்திலிருந்து விலக்குவது எப்படி?

கோத்தகிரியில், கொடநாடு செல்லும் சாலையை ஒட்டி ஆறு அறைகள் கொண்ட ஒரு ஹோம்ஸ்டே இருக்கிறது. அதன் கூகுள் விளம்பரங்களை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். கோடை சீசன் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உரிமையாளர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அறைகள் நிறைந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் விசாரித்துப் பேசுகிறவர்கள் இரண்டு நாளாகக் குறைந்துவிட்டார்கள். விளம்பரம் ஓடுகிறதா?” என்று கேட்டார். கணக்கைத் திறந்தேன். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை பகலுக்குப் பிறகு ஒரு முன்பதிவுகூடப் பதிவாகவில்லை.

அந்த ஒரு வாரத்தை எப்படிச் சரிசெய்தோம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். தானியங்கி ஏலத்தை இப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கியிருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது ஒரே ஒரு கேள்வியில்தான்: எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை விலக்குவது? அதனால் அந்த இடத்தில் கூடுதல் நேரம் நிற்கப்போகிறேன்.

தவறான பாடம் எப்படி ஏறுகிறது

இந்த ஹோம்ஸ்டே விளம்பரத்துக்கு `Target CPA` என்னும் உத்தியை வைத்திருக்கிறோம். ஒரு முன்பதிவுக்குச் சராசரியாக 600 ரூபாய் செலவானால் போதும் என்று சொல்லிவிடுகிறோம். அதன்பின் ஒவ்வொரு தேடலின்போதும் எவ்வளவு ஏலம் கேட்பது என்பதைக் கூகுள் ஆட்ஸே தீர்மானிக்கிறது. யார் தேடுகிறார், எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில், கைபேசியிலா கணினியிலா என்பதையெல்லாம் பார்த்து, இந்தக் கிளிக் முன்பதிவாக மாறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கிறது. வாய்ப்பு அதிகம் என்றால் ஏலத்தை உயர்த்துகிறது. குறைவு என்றால் தாழ்த்துகிறது.

அந்தக் கணிப்புக்கு ஆதாரம் பழைய கிளிக்குகளும் அவற்றால் கிடைத்த முன்பதிவுகளும்தான். எங்கள் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 70 கிளிக், கிளிக்குக்குச் சுமார் 25 ரூபாய், அதில் மூன்று முன்பதிவு என்பது வழக்கம். முன்பதிவுக்குப் பின் வரும் நன்றிப் பக்கத்தில் இருக்கும் டேக் என்னும் சிறு நிரல்தான் ‘இது முன்பதிவு’ என்ற செய்தியைக் கூகுளுக்கு அனுப்புகிறது. அந்த டேக் செயலிழந்தால் வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார், அக்கா அறையைத் தயார் செய்கிறார், ஆனால் ஏலத்துக்கு மட்டும் சேதி போவதில்லை. 70 பேர் வந்தார்கள், ஒருவர்கூட அறை எடுக்கவில்லை என்றே அது எண்ணிக்கொள்கிறது. மறுநாளும் அப்படியே. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ‘கோத்தகிரி ஹோம்ஸ்டே’ என்று தேடுகிறவர்களால் பயனில்லை என்ற முடிவுக்கு வந்து ஏலத்தைக் குறைக்கிறது. எங்கள் கணக்கில் செவ்வாய், புதன் வரை கிளிக் 70-ஐ ஒட்டியே இருந்தது. வியாழன் 52 ஆனது. அக்கா உணர்ந்த சரிவு அதுதான்.

இதற்கு நேர்எதிரான பழுதும் உண்டு. ஒரே முன்பதிவுக்கு டேக் இரண்டு முறை செய்தி அனுப்பினால், வருகிறவர்களெல்லாம் அறை எடுக்கிறார்கள் என்று நம்பி ஏலம் ஏறும், பணம் வீணாகும். சரிவை யாராவது கவனித்துக் கேட்பார்கள். இந்த ஏற்றத்தையோ எண்கள் நன்றாகத் தெரிவதால் ஒருவரும் கேட்பதில்லை. அதனால் இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். தரவு விலக்கு இரண்டுக்கும் பயன்படும்.

தரவு விலக்கு என்பது, குறிப்பிட்ட காலத்தில் நடந்த கிளிக்குகளையும் அவற்றால் வந்த முன்பதிவு போன்ற கன்வெர்ஷன்களையும் கற்றலில் சேர்க்காதே என்று ஏலத்துக்குச் சொல்லும் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். அது டேக்கைச் சரிசெய்யாது. செலவான பணத்தைத் திருப்பித் தராது. அறிக்கையில் தெரியும் பூஜ்யங்களையும் மாற்றாது. `Target CPA`, `Target ROAS`, `Maximize conversions`, `Maximize conversion value` போன்ற தானியங்கி உத்திகளுக்கு மட்டுமே அது பொருந்தும். கையால் ஏலம் வைக்கிறவருக்கு இதில் வேலையில்லை.

முதலில்: பழுதா, உண்மையான சரிவா?

இதைத் தீர்மானிக்காமல் விலக்கை வைக்கவே கூடாது. மலையில் நாம் அடிக்கடி குழம்பும் இடம் இது. கனமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ முன்பதிவு உண்மையாகவே நிற்கும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானபோதும் வருகிறவர்களின் போக்கு உண்மையாகவே மாறியது. அப்படிப்பட்ட நாள்களில் பதிவான பூஜ்யம் உண்மையான பூஜ்யம். ஏலம் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விலக்கிவிட்டால், வர முடியாதவர்களைத் தேடிப் பழைய விலையிலேயே செலவழித்துக்கொண்டிருக்கும்.

சோதனை எளிது. கணக்கில் உள்ள எண்ணை, கணக்குக்கு வெளியே உள்ள ஒரு பதிவோடு ஒப்பிட வேண்டும். அக்காவிடம் கையால் எழுதும் முன்பதிவுப் பேரேடு ஒன்று இருக்கிறது. இணையத்தில் அட்வான்ஸ் கட்டியவர்களின் பட்டியலும் வங்கிக் கணக்கில் தெரியும். செவ்வாய் பகல் முதல் வெள்ளி மாலைவரை இணையவழி அட்வான்ஸ் 13 வந்திருந்தது. எங்களுக்கு இணைய முன்பதிவில் நான்கில் மூன்று பங்கு விளம்பரத்தால் வருவது வழக்கம். ஆக ஏறத்தாழ 10 முன்பதிவு கூகுள் கணக்கில் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தது ஒன்றுமில்லை. பேரேட்டில் ஆள் இருக்கிறது, கணக்கில் இல்லை என்றால் அது பழுது. இரண்டிலும் இல்லை என்றால் அது மழையோ, சாலையோ, பரீட்சைக் காலமோதான். அங்கே தரவு விலக்குக்கு இடமில்லை. இணையதளமே திறக்காமல் கிடந்த நாள்கள் மட்டும் விதிவிலக்கு. அன்று இரண்டிலும் பூஜ்யம் இருந்தாலும் விலக்கலாம், ஏனென்றால் வந்தவருக்கு முன்பதிவு செய்ய வழியே இருக்கவில்லை.

கூகுள் ஆட்ஸில் பார்க்கும்போது ஒரு நுட்பத்தை மனத்தில் வையுங்கள். வழக்கமான `Conversions` பத்தி, முன்பதிவைக் கிளிக் நடந்த நாளின் கணக்கில் எழுதுகிறது. ஞாயிறன்று கிளிக் செய்தவர் புதன்கிழமை பணம் கட்டினால் அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில்தான் சேரும். பழுது எந்த நாளில் தொடங்கியது என்று தேடுகிறவர் இந்தப் பத்தியை மட்டும் பார்த்தால் வழிதவறிவிடுவார். `Conversions (by conv. time)` என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பணம் கட்டிய நாளின்படி எழுதும். எங்கள் கணக்கில் அந்தப் பத்தி திங்களன்று 3, செவ்வாயன்று 1, அதன்பின் வரிசையாகப் பூஜ்யம் என்று காட்டியது. செவ்வாயின் எந்த நேரம் என்பதை அட்வான்ஸ் பட்டியல் சொன்னது. காலை 10.40-க்குக் கட்டியவர் பதிவாகியிருந்தார், 11.25-க்குக் கட்டியவர் பதிவாகவில்லை.

பழுதை நீக்குதல்

காரணம் சிறியதுதான். இணையதளத்தைப் பராமரிப்பவர் செவ்வாய் 11 மணியளவில் தளத்தின் தோற்றத்தைப் புதுப்பித்திருந்தார். அப்போது நன்றிப் பக்கத்தின் முகவரி மாறிவிட்டது. டேக் பழைய முகவரிக்காகக் காத்துக்கொண்டே இருந்தது.

```
பழையது: /thank-you
புதியது: /booking-confirmed
```

புதிய முகவரியை டேக் மேலாளரில் மாற்றி வெளியிட்டோம். அப்போது வெள்ளி மாலை 5 மணி. பின்பு `Tag Assistant` கொண்டு தளத்தைத் திறந்து, சிறு தொகைக்கு ஒரு சோதனை முன்பதிவு செய்து, நன்றிப் பக்கத்தில் டேக் இயங்குகிறதா, ஒரு முறைதான் இயங்குகிறதா என்று பார்த்தோம். இதற்காக உங்கள் விளம்பரத்தையே கூகுளில் தேடிக் கிளிக் செய்யாதீர்கள். காசும் போகும், ஏலத்துக்குப் பொய்ச் சேதியும் போகும். டேக் இயங்கியதைக் கண்ட பிறகும், உண்மையான ஒரு முன்பதிவு கணக்கில் வந்து சேரும்வரை பழுது நீங்கிவிட்டது என்று நான் முடிவு செய்வதில்லை. சில மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு அன்று இரவே ஒன்று வந்தது.

பழுது நீங்க ஒரு வாரம் ஆகும் என்று பராமரிப்பவர் சொல்கிறார் என்றால், அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கடந்துபோன நாள்களுக்கு விலக்கை உடனே வைத்துவிட்டு, பழுது நீளும்போது முடிவு நேரத்தைத் திருத்திக்கொண்டே போகலாம். எவ்வளவு விரைவாக வைக்கிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் ஏலம் தவறாகக் கற்றிருக்கும்.

எந்த நாள்முதல் எந்த நாள்வரை?

புதியவர்களில் பெரும்பாலோர் இங்கே செவ்வாய் 11 மணி முதல் வெள்ளி 5 மணி வரை என்று போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அது அரை வேலைதான். விலக்கு கிளிக் நடந்த நேரத்தை வைத்து வேலை செய்கிறது, முன்பதிவு நடந்த நேரத்தை வைத்து அல்ல. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

திங்கள் இரவு சென்னையில் ஒருவர் நம் விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்களைப் பார்க்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று மூடிவைக்கிறார். புதன்கிழமை விடுப்பு உறுதியானதும் திரும்ப வந்து பணம் கட்டுகிறார். திங்களன்று டேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பணம் கட்டிய புதன்கிழமை டேக் இல்லை. ஏலத்தின் பார்வையில் திங்கள் இரவின் அந்தக் கிளிக் வீண் கிளிக். ஆகவே பழுதான நாள்களில் நடந்த கிளிக்குகளோடு, அதற்கு முந்தைய நாள்களின் கிளிக்குகளிலும் ஒரு பகுதி கெட்டுப்போயிருக்கிறது. எவ்வளவு பின்னோக்கிப் போவது என்பதை உங்கள் வாடிக்கையாளர் கிளிக்குக்கும் பணத்துக்கும் இடையே எடுத்துக்கொள்ளும் நாள்கள்தான் சொல்லும்.

அதைப் பார்க்க, `Campaigns` என்னும் விளம்பரத் தொகுதிகளின் அட்டவணையில் `Segment`, அதன்கீழ் `Conversions`, அதன்கீழ் `Days to conversion` என்று போங்கள். காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கடந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தால், தாமதமாக முன்பதிவு செய்யப்போகிறவர்கள் இன்னும் செய்தே இருக்க மாட்டார்கள். எல்லோரும் அன்றே முடிவெடுக்கிறார்கள் என்ற பொய்த் தோற்றம் கிடைக்கும். பழுதுக்கு ஒரு மாதம் முன்னதாக முடியும் மூன்று மாதக் காலத்தை எடுத்துக்கொண்டேன். அதில் கண்டது இது: நூற்றுக்கு 60 முன்பதிவு கிளிக் நடந்து ஒரு நாளுக்குள் வந்தது. இரண்டாம் நாளில் 18, மூன்றாம் நாளில் 8, நான்காம் நாளில் 4. ஐந்திலிருந்து ஏழாம் நாள்வரை மொத்தம் 6. மீதி 4 அதற்கும் பிறகு.

இப்போது ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி நடந்து பார்ப்போம். பழுது செவ்வாய் பகலில் தொடங்கி வெள்ளி மாலை முடிகிறது.

திங்களன்று கிளிக் செய்தவர்களின் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள் முன்பதிவுகள் பழுதுக்குள் விழுகின்றன. 18, 8, 4 ஆகிய மூன்றும் சேர்ந்தாலே 30. திங்கள் மாலையில் கிளிக் செய்தவர்களின் முதல் நாள் முன்பதிவுகளிலும் சில செவ்வாய் பகலுக்குத் தள்ளிப்போயிருக்கும். ஆக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. இந்த நாளை நம்ப முடியாது, விலக்க வேண்டும்.

ஞாயிறன்று கிளிக் செய்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை பழுதுக்குள் போயிருக்கும். கிளிக் எவ்வளவு பின்னேரத்தில் நடந்ததோ அவ்வளவு கூடுதல் இழப்பு. எனக்கு இதுதான் எல்லைக்கோடு. ஆறில் ஒன்று காணாமல் போன நாளைப் பார்த்தால் ஏலம் அந்த நாளை உண்மையைவிட மோசமாக மதிப்பிடும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நல்ல நாள் என்பதால் அந்தத் தவறான மதிப்பீடு கூடுதலாகவே வலிக்கும். விலக்கினேன்.

சனிக்கிழமைக்குப் போனால் இழப்பு நூற்றுக்கு 10-க்கு உள்ளே வந்துவிடுகிறது. வெள்ளிக்கு இன்னும் குறைவு. இங்கே நிறுத்திவிட்டேன். தாமதமாக வரும் கடைசி முன்பதிவையும் பிடிக்க வேண்டும் என்று பத்து நாள் பின்னோக்கிப் போகலாம்தான். ஆனால் ஒவ்வொரு நாளை விலக்கும்போதும் அந்த நாளின் நல்ல சேதியும் சேர்ந்தே போகிறது. சனிக்கிழமையின் பத்தில் ஒன்பது பங்கு உண்மையைத் தூக்கியெறிந்து ஒரு பங்குப் பிழையைத் தவிர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நாளொன்றுக்கு மூன்று முன்பதிவு மட்டுமே வரும் சிறிய கணக்கில் ஒவ்வொரு நாளும் அருமை.

உங்கள் தொழிலுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. குன்னூரில் தேயிலைத்தூளும் யூகலிப்டஸ் தைலமும் இணையத்தில் விற்கும் கடை என்றால், வாங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே வாங்கிவிடுவார்கள். ஒரு நாள் பின்னோக்கிப் போனால் போதும். கொடைக்கானலில் பத்துப் பேர் கொண்ட குழுக்களுக்குப் பங்களா விடுகிறவருக்கு முடிவெடுக்க ஒரு வாரம் ஆகலாம். அவர் ஒரு வாரம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். உங்கள் கணக்கின் `Days to conversion` என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்குப் பதில்.

முடிவு நேரம் எளிது: டேக் சரியான நேரமே முடிவு நேரம். வியாழன், வெள்ளி நாள்களில் கிளிக் செய்து, சனிக்கிழமை பணம் கட்டியவர்கள் பதிவாகத்தான் செய்வார்கள். ஆனால் அந்த நாள்களின் பெரும்பங்கு, அதாவது ஒரு நாளுக்குள் வரும் 60, போய்விட்டதே. அதனால் அவையும் விலக்குக்குள்ளேயே இருக்கட்டும்.

விலக்கைப் பதிவு செய்தல்

கூகுள் ஆட்ஸின் இடப்பக்கப் பட்டியில் `Tools`, பிறகு `Budgets and bidding`, பிறகு `Adjustments` என்று போனால் மேலே `Data exclusions` என்ற தாவல் இருக்கும். பக்கத்திலேயே `Seasonality adjustments` என்றும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது, வரப்போகும் இரண்டு மூன்று நாள் விற்பனைத் தள்ளுபடி போன்ற ஒன்றுக்காக ஏலத்தை முன்கூட்டித் தயார்படுத்துவதற்கு. நம் வேலை கடந்துபோன நாள்களோடு.

தாவலில் கூட்டல் குறியை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். பெயர், விளக்கம், தொடக்கம், முடிவு, எந்த விளம்பரத் தொகுதிகள், எந்தச் சாதனங்கள் என்று கேட்கும். நாங்கள் நிரப்பியது:

```
Name:  booking-tag-break
Start: Sunday 00:00
End:   Friday 17:00
```

நேரம் உங்கள் கணக்கின் நேர மண்டலப்படிதான் எடுத்துக்கொள்ளப்படும். வேறு நாட்டு நேரத்தில் தொடங்கப்பட்ட பழைய கணக்குகளும் உண்டு. கணக்கின் அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு விலக்கு 14 நாளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்ட பழுது என்றால் ஏலத்திடம் நம்பத்தக்க அண்மைக்காலச் சேதியே இருக்காது. அப்போது விலக்குகளை ஒட்டவைப்பதைவிட, பழுது நீங்கும்வரை கையால் ஏலம் வைப்பதே மேல் என்பது என் கருத்து.

தொகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பழுது தொட்ட அளவுக்கே விலக்கைச் சுருக்குங்கள். எங்கள் நன்றிப் பக்கம் எல்லாத் தொகுதிகளுக்கும் பொது என்பதால் அனைத்தையும் தேர்ந்தெடுத்தோம். கைபேசியில் திறக்கும் பக்கத்தில் மட்டும் டேக் பழுது என்றால் கைபேசியை மட்டும் குறியுங்கள். கணினி வழி வந்த நல்ல சேதி மிஞ்சும்.

விளக்கப் பெட்டியை வெறுமையாக விடாதீர்கள். என்ன பழுது, பேரேட்டில் எத்தனை, கணக்கில் எத்தனை, ஏன் ஞாயிறிலிருந்து என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வாரத்தைப் பார்க்கும் வேறொருவருக்கு அது ஒன்றே துணை.

இழந்ததை மீட்க முடியுமானால்

விலக்கைவிடச் சிறந்த வழி ஒன்று சிலருக்குக் கிடைக்கும். விளம்பரத்திலிருந்து வருகிறவரின் முகவரியில் `gclid` என்ற அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் முன்பதிவுப் படிவம் அதைச் சேமித்து வைத்திருந்தால், விடுபட்ட முன்பதிவுகளைப் பின்னர் கோப்பாகக் கூகுள் ஆட்ஸில் ஏற்றலாம். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்ற வேண்டும். அப்போது அந்த நாள்களின் உண்மை முழுதாகத் திரும்பக் கிடைத்துவிடுகிறது, விலக்கே வேண்டாம். இரண்டையும் செய்யாதீர்கள்: விலக்கிய கிளிக்குகளுக்கு முன்பதிவை ஏற்றினால் அறிக்கை சரியாகும், ஏலம் மட்டும் அதைக் கற்காது.

எங்கள் படிவம் அந்த அடையாளத்தைச் சேமிக்கவில்லை. அதனால் 10 முன்பதிவும் கூகுளுக்குத் தெரியாமலே போயின. அடுத்த வாரமே படிவத்தில் மறைவான ஒரு கட்டம் சேர்த்துவிட்டோம்.

விலக்கிய பிறகு

வெள்ளி மாலை ஆறு மணிக்கு விலக்கைச் சேமித்தோம். அன்று கிளிக் 41-தான். சனி 48, ஞாயிறு 60. செவ்வாய்க்கிழமை மீண்டும் 70-ஐ ஒட்டி வந்தது. விலக்கு வைத்த அடுத்த நாள்களில் ஏலம் கொஞ்சம் ஏறி இறங்கும். அதைக் கண்டு பதறி இலக்கை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொட்டால் எது எதைச் செய்தது என்று பின்னால் பிரித்தறிய முடியாது. ஏலம் மீள்கிறதா என்று பார்க்க கிளிக்கின் சராசரி விலையையும், தரவரிசையில் பின்தங்கியதால் விளம்பரம் தோன்றாமல் போன விகிதத்தைச் சொல்லும் `Search lost IS (rank)` பத்தியையும் கவனியுங்கள். ஏலம் தாழ்ந்திருக்கும்போது இந்தப் பத்தியின் எண் உயர்ந்திருக்கும். மீளும்போது பழைய நிலைக்கு இறங்கும். வாடிக்கையாளர் முடிவெடுக்கும் கால அளவைப்போல இரண்டு மடங்கு காத்திருந்தும் இறங்கவில்லை என்றால், வேறு காரணம் தேட வேண்டும். டேக் மீண்டும் ஒருமுறை பார்க்கப்பட வேண்டிய முதல் இடம்.

மாத இறுதியில் ஒரு பொறி காத்திருக்கிறது. விலக்கு அறிக்கையைத் தொடுவதில்லை என்று சொன்னேன். அந்த நாள்களின் செலவு அப்படியே இருக்கும், முன்பதிவு மட்டும் மிகக் குறைவாகத் தெரியும். அதனால் அந்த மாதத்தின் சராசரியில் ஒரு முன்பதிவுக்கு 600-க்குப் பதிலாக ஏறத்தாழ 680 ரூபாய் ஆனதுபோல் தெரியும். அதைப் பார்த்து ‘நமக்கு 680 ஆகிறது, இலக்கை உயர்த்துவோம்’ என்றோ, ‘செலவு எகிறுகிறது, இலக்கை இறுக்குவோம்’ என்றோ முடிவெடுத்தால், ஏலத்துக்குள் போகாமல் தடுத்த தவறான பாடத்தை நாமே கையால் ஊட்டியவர்களாவோம். இலக்கை மறுபரிசீலனை செய்யும்போது ஞாயிறு முதல் வெள்ளி வரையிலான செலவையும் முன்பதிவையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடும்போதும் அப்படித்தான்.

இந்தக் கருவியை அடிக்கடி எடுக்கவும் கூடாது. சரியில்லாத வாரம் ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டே போனால், நல்ல நாள்களை மட்டும் பார்த்து வளர்ந்த ஏலம் எப்போதும் அதிகமாகவே கேட்கும். எனக்கு ஒரு வரையறை இருக்கிறது. பேரேட்டுக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு முன்பதிவுதான் என்றால் நான் விலக்குவதில்லை. அந்த அளவு வேறுபாடு நல்ல நாள்களிலும் இருக்கும். பாதிக்கு மேல் காணவில்லை, அதற்குக் காரணமும் கையில் இருக்கிறது என்றால் மட்டுமே விலக்குகிறேன்.

இப்போது அக்கா தினமும் இரவு ஒன்பது மணிக்கு, அன்று இணையத்தில் எத்தனை அட்வான்ஸ் வந்தது என்று ஒற்றை எண்ணை எனக்கு அனுப்பிவிடுகிறார். நான் அதை `Conversions (by conv. time)` பத்திக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். அவர் எண் நான்கு, என் எண் பூஜ்யம் என்று வந்தால் மறுநாள் விடியும்வரை காத்திருப்பதில்லை. அப்போதே தளத்தைத் திறந்து டேக்கைப் பார்க்கிறேன்.